இரண்டாம் பருவம்: சில செய்திகளும் ஓர் உணவுத் தாளும்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது, ஓவியப் போட்டியில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், குடிநீர்க் குழாயும் சரியாகிவிட்டது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், இரண்டாம் வகுப்பு உணவுத் தாளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

வகுப்பில் உணவுப் படங்களை மூன்று தட்டுகளில் பிரித்தோம். ஆற்றல் தரும் சோறு, சப்பாத்தி, எண்ணெய் எல்லாம் மஞ்சள் தட்டு. உடலை வளர்க்கும் பருப்பு, முட்டை, மீன், பால் சிவப்பு. நோயிலிருந்து காக்கும் காய், கீரை, பழம் பச்சை. உருளைக்கிழங்கை எல்லோரும் பச்சையில்தான் வைத்தார்கள். அதில் மாவுச்சத்துதான் அதிகம் என்று டீச்சர் மஞ்சளுக்கு மாற்றியதும் பெரிய சண்டை! இட்லியில் அரிசியும் உளுந்தும் இருப்பதால் இரண்டு பொட்டு வைக்கலாம் என்று சமாதானமானார்கள்.

அதன் பிறகுதான் ஏழு நாள் தாளைக் கொடுத்தோம். ஒரு நாளைக்கு நான்கு கட்டங்கள். சாப்பிட்டதைப் பிள்ளை வரைந்து, நிறப்பொட்டு வைக்க வேண்டும். அன்றைக்கே செய்ய வேண்டும், ஏழு வயதில் முந்தாநாள் சாப்பிட்டது நினைவிருக்காது. நீங்கள் படத்தின் பக்கத்தில் பெயரை மட்டும் எழுதினால் போதும்.

வந்த தாள்களில் பல, ஒரே பேனாவில், ஒரே மூச்சில், பெரியவர் கையெழுத்தில் இருந்தன. ஒன்றில் வியாழன் மதியத்துக்குக் கீரைச் சோறும் ஆப்பிளும். அன்று அந்தப் பையன் என் கண்முன் உட்கார்ந்து சத்துணவு முட்டையைச் சாப்பிட்டான். டீச்சர் கேட்டதற்கு, "பஜ்ஜி தின்னதெல்லாம் எழுதக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க" என்றான்.

வெளிப்படையாகவே சொல்கிறேன்: இப்படி நிரப்பிய தாள் எங்களுக்கு வேண்டாம். இதற்கு மதிப்பெண் கிடையாது, யாருடைய தாளையும் வகுப்பில் உரக்கப் படிப்பதும் இல்லை. சாப்பிட்டதை மறைக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால் இந்தப் பாடமே வீண்.

உண்மையாக நிரப்பிய ஒரு தாளையும் சொல்ல வேண்டும். "எனக்குப் பச்சையே மூணுதான் டீச்சர்" என்று வருத்தப்பட்ட சிறுமி, சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயையும் கத்தரிக்காயையும் மறந்துபோனது தெரியவந்தது. மறுபடி எண்ணினாள், எட்டு வந்தது. சாப்பிட்டுவிட்டுத் தொட்டுக்கொண்டதை மறப்பது பெரியவர்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

திங்கட்கிழமை புதுத் தாள் வரும். டீயும் பன்னும் என்றால் அதையே வரையட்டும். ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் கட்டம் காலியாக இருக்கட்டும். காரணம் சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், வேறு யார் காதுக்கும் போகாது.

வேலை முடிந்து களைத்து வந்த இரவிலும் பிள்ளையோடு உட்கார்ந்து பெயர் எழுதித் தந்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. கிரேயான் தீர்ந்திருந்தால் சொல்லி அனுப்புங்கள், பள்ளியில் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்