மருத்துவச் செலவை மீளப் பெறுதல்: திருத்திய கோரிக்கை மனு

அனுப்புநர்:
இளநிலை உதவியாளர்,
அரசு அலுவலகம், கோத்தகிரி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.
(வழி: அலுவலகத் தலைவர்)

பொருள்: புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2021 – அவசரக் குடல்வால் அறுவை சிகிச்சைச் செலவு ரூ.72,500 கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,

வணக்கம். 2024 ஆகஸ்ட் மாதச் சிகிச்சைக்கு நான் முன்பு அளித்த மனு திருப்பப்பட்டது. அதில் ரூ.92,870 கேட்டிருந்தேன், அது தவறு. மருத்துவமனையின் இறுதி பில் ரூ.74,650. மருந்துக்கான ரூ.18,220 அதற்குள்ளேயே அடங்கியிருக்க, கையிலிருந்த மருந்துச் சீட்டுகளைத் தனியே கூட்டியதால் அந்தத் தொகை இருமுறை ஏறிவிட்டது. இறுதி பில்லிலுள்ள உணவு ரூ.1,850, பதிவுக் கட்டணம் ரூ.300 ஆகியவை சிகிச்சைச் செலவல்ல என்பதால் அவற்றையும் கழித்துள்ளேன். மீதி ரூ.72,500 மட்டுமே இப்போது கோருகிறேன்.

1.7.2021 முதல் 30.6.2025 வரையிலான நான்காண்டுக்கு என் குடும்பத்துக்கான உச்சவரம்பு ரூ.5,00,000. இது குடும்பம் முழுவதற்கும் சேர்த்த தொகை. 2022இல் என் கணவரின் சிகிச்சைக்கு ரூ.1,37,500 பெற்றுள்ளோம், இருப்பு ரூ.3,62,500. இக்கோரிக்கை அதற்குள் அடங்கும். முந்தைய ஒப்பளிப்பு ஆணையின் நகலை வைத்துள்ளேன். முதல் மனுவில் உச்சவரம்பை மட்டும் எழுதி, பெற்ற தொகையைக் குறிப்பிடாமல் விட்டிருந்தேன்.

சிகிச்சை பெற்ற மருத்துவமனை திட்டப் பட்டியலில் இல்லாதது. ஆகவே அவசரநிலையை நிறுவ வேண்டிய பொறுப்பு என்னுடையது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் தேதி மட்டுமே இருந்தது. நேரம் இல்லாவிட்டால் அது முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை சிகிச்சை போலத் தோன்றும். இரவு 1.40க்கு அனுமதிக்கப்பட்டதும், குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்ததால் 4.15க்கு அறுவை சிகிச்சை தொடங்கியதும், கீழே மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ அனுப்பும் நிலையில் நான் இல்லை என்பதும் சிகிச்சையளித்த மருத்துவரின் கையொப்பம், முத்திரையுடன் பெற்ற சான்றில் உள்ளன. ஸ்கேன் அறிக்கையும் அகற்றிய குடல்வாலின் திசுப் பரிசோதனை அறிக்கையும் இதை உறுதி செய்யும்.

காப்பீட்டு அட்டையில் என் தந்தையின் முதலெழுத்தும், பில்லில் கணவரின் முதலெழுத்தும் உள்ளன. இரண்டு பெயர்களும் என்னையே குறிக்கும் என்ற மருத்துவமனைச் சான்றை இணைத்துள்ளேன்.

அசல் இறுதி பில், பணம் செலுத்திய ரசீதுகள், டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துச் சீட்டுகள், காப்பீட்டு அட்டை நகல், வங்கிப் புத்தக முதல் பக்க நகல், இச்செலவை வேறெங்கும் கோரவில்லை என்ற உறுதிமொழி ஆகியவையும் உடன் உள்ளன. மருந்துச் சீட்டுகள் தெர்மல் தாளில் அச்சானவை. மலை ஈரத்தில் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது. எனவே ஒவ்வொன்றின் பக்கத்திலும் நகலை ஒட்டி, பில் எண்ணையும் தொகையையும் பேனாவால் எழுதியுள்ளேன். அவை விவரத்துக்கு மட்டுமே, கூட்டுத் தொகைக்கு அல்ல.

இம்மனுவை மாவட்ட அளவிலான குழுவின் பரிசீலனைக்கு வைத்து, ரூ.72,500ஐ என் வங்கிக் கணக்கில் வரவு வைக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் ஆவணம் குறைந்தால், மனுவைத் திருப்பாமல் அதை மட்டும் கேட்டுப் பெறவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)