கணைக்கால் வலி ஏன் நான்காவது வாரத்தில் வருகிறது

பாப்பா,

போனில் நீ கால்வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஃபால்-இன் என்று கூப்பிட, பாதியில் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், இருந்தாலும் முழுசாகப் படி.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், கணுக்காலுக்கு மேலே, உள்பக்கமாக, எலும்பின் ஓரத்தை ஒட்டி நெடுக வலிக்கிறது. ஓட ஆரம்பிக்கும்போது இருக்கிறது, உடம்பு சூடானதும் அடங்குகிறது, ஹாஸ்டலுக்கு வந்து உட்கார்ந்ததும் மறுபடி தலைதூக்குகிறது, காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது சுரீர் என்கிறது. இரண்டு காலிலும் இருக்கிறது. ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்று எல்லாரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். புதிதாக ஓட ஆரம்பித்தவர்களும், போலீஸ், ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளும், உன்னை மாதிரி என்.சி.சி. கேடட்களும் என்னிடம் கொண்டுவரும் சாதாரண வலி இது.

ஆனால் நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "முதல் மூன்று வாரம் ஒண்ணும் இல்லையேம்மா, இப்போ மூச்சுகூட வாங்கலை, இப்போ போய் ஏன்?" என்றாய். விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஆர்.டி.சி. என்கிற குடியரசு தின முகாமுக்கான தேர்வுக்கு முன்பு நீ ஓடியது கிடையாது. விடுமுறை முழுக்க வீட்டில் இருந்தாய். போனதும் காலையில் 3 கிலோமீட்டர் ஓட்டம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் டிரில், வாரத்துக்கு ஆறு நாள். 3 கிலோமீட்டர் என்றால் ஒவ்வொரு காலும் சுமார் 1,700 முறை தரையில் ஊன்றுகிறது. டிரிலில் பாதி நேரம் நின்றுகொண்டே இருப்பீர்கள், சரி, ஒரு மணி நேரம் மார்ச் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 110 அடி போட்டால்கூட ஒரு காலுக்கு 3,300 வந்துவிடும். ஆக ஒரு நாளைக்கு ஒரு காலுக்கு 5,000, வாரத்துக்கு 30,000. நடக்கும்போது கால் ஊன்றினால் உடல் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலான விசைதான் ஏறும். ஓடும்போது அது இரண்டு, இரண்டரை மடங்கு. உன் 50 கிலோவுக்கு ஒவ்வொரு ஊன்றலிலும் 100 கிலோவுக்கு மேல். 'சாவ்தான்', 'தம்' என்றதும் முழங்காலைத் தூக்கி, காலை நீட்டி, குதிகாலோடு சேர்த்துக் கான்கிரீட்டில் அறைகிறீர்களே, அது ஓட்டத்துக்கு இளைத்ததில்லை. ஓடும்போது முழங்கால் மடங்கிக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், டிரிலில் அதுவும் கிடையாது.

இந்த விசை ஏறும்போது கணைக்கால் எலும்பு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான், உண்மையிலேயே வளைகிறது. வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவு அதிகம் விழும் இடம்தான் நீ வலிக்கிறது என்று சொன்ன கீழ்ப்பகுதி, எலும்பு அங்கேதான் ஒல்லியாக இருக்கும். புதுப் பளு வந்ததும் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளப் பார்க்கும், ஆனால் அது நேராகப் போய்ப் புதுசாகப் பூசிக்கொள்வதில்லை. முதலில் சேதமான பழைய எலும்பைச் சில செல்கள் கரைத்து எடுக்கும், அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதன் பிறகு வேறு செல்கள் வந்து அந்தக் குழியை நிரப்பும், அதற்குச் சுமார் மூன்று மாதம் ஆகும். வீட்டில் பழைய தளத்தைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் புதுத் தளம் காயும் வரைக்கும் காத்திருப்போமே, அந்த மாதிரி. பெயர்ப்பது சீக்கிரம் முடிந்துவிடுகிறது, காய்வதற்குத்தான் நேரமாகிறது. ஆகவே மூன்றாவது நான்காவது வாரத்தில் உன் எலும்பு ஆரம்பித்த நாளில் இருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாக இருக்கிறது. அதே சமயம் உன் மூச்சும் தசையும் தேறிவிட்டதால் நீ முன்பைவிட வேகமாக ஓடுகிறாய், ஓங்கி அடிக்கிறாய். ரெண்டும் ஒரே வாரத்தில் வந்து மோதுகின்றன.

முன்பெல்லாம், கெண்டைக்கால் தசை எலும்பின் மேலுறையைப் பிடித்து இழுப்பதால்தான் இந்த வலி என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது எலும்பே தாங்க முடியாமல் போவதுதான் முக்கியம் என்ற பக்கம் கருத்து சாய்ந்திருக்கிறது, இழுப்பும் கூடச் சேர்ந்திருக்கலாம். எப்படியானாலும் தசைக்குப் பங்கு உண்டு. கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் சோலியஸ் தசை நன்றாக வேலை செய்யும்வரை எலும்பின் வளைவைக் குறைத்துக் கொடுக்கும். அது களைத்துவிட்டால் சுமை மொத்தமும் எலும்பு மேல். டிரிலின் கடைசி அரைமணி நேரம்தான் ரொம்ப வலிக்கிறது என்றாயே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், "பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பண்ணினா பழகிடும்னு சீனியர் அக்கா சொல்றாங்க" என்றாய். எலும்பு விஷயத்தில் இது நடக்காது பாப்பா. ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் அடித்தால் முதல் சில பத்து அடிகளிலேயே பலப்படுத்தும் சமிக்ஞை எலும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அதற்கு மேல் அடிக்கும் அடிகளால் பலம் பெரிதாகக் கூடாது, சேதம் மட்டும் கூடும். சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகுதான் அது மறுபடி அந்தச் சமிக்ஞையை முழுசாக வாங்கும். விலங்குகளில் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதனால் இரண்டு மணி நேரத்தை ஒரே இழுப்பாகப் போடுவதைவிட, காலையில் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம் என்று பிரித்தால் எலும்புக்கு நல்லது.

எனக்குப் பயம் இந்த வலியைப் பற்றி இல்லை, இதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. எலும்பில் கீறல் விழுவது, ஸ்ட்ரெஸ் பிராக்சர். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகிய ஒரு பையன் ஸ்பிரே அடித்துக்கொண்டே ஓடி, நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தான். எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை, தசைவலிதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். விரலால் தடவிக்கொண்டே போனேன், ஒரே ஒரு புள்ளியில் துள்ளிவிட்டான். எம்.ஆர்.ஐ. எடுத்ததும் கீறல் தெரிந்தது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் கீறல் பெரும்பாலும் தெரியாது, இதை நீ நினைவில் வைத்துக்கொள். அந்த வருடத் தேர்வு அவனுக்குப் போய்விட்டது.

ஆகவே இன்றைக்கு ராத்திரி நீ ஒன்று செய்யவேண்டும். கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காலை மடித்து மற்ற தொடைமேல் வைத்துக்கொள். உள்கணுக்கால் மொட்டிலிருந்து மேலே, எலும்பின் உள்ஓரம் விரலுக்குத் தட்டுப்படும், அதன் பின்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஒரு விரலளவு ஒரு விரலளவாக முழங்கால்வரை போ. வலி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனாவால் கோடு போடு. இரண்டு கோட்டுக்கும் இடையே 5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ, அதாவது மூன்று விரல் அகலத்துக்குக் குறையாமல், பரவலாக வலித்தால் அது ஷின் ஸ்பிளின்ட்ஸ். ஒரு விரல்நுனி வைத்து 'இங்கேதான்' என்று காட்டமுடிந்தால், அந்த இடம் வீங்கியிருந்தால், சும்மா படுத்திருக்கும்போதோ தூக்கத்திலோ வலித்தால், நடக்கும்போதே நொண்டினால், மறுநாள் கிரவுண்டுக்குப் போகக்கூடாது, எலும்பு டாக்டரைப் பார்க்கவேண்டும். எலும்பின் முன்விளிம்பில், நடுவில், ஒரு புள்ளியில் வலித்தால் இன்னும் அவசரம், அங்கே விழும் கீறல் லேசில் ஆறாது. ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கலாமா என்று கேட்பாய், வேண்டாம், கீறல் இருந்தால் அதுவே பெரிதாக்கிவிடும்.

இன்னொன்று. ஓடும்போது கெண்டைக்கால் இறுகிப் பாறை மாதிரி ஆகி, பாதம் மரத்துப்போய், நின்றால் சில நிமிடத்தில் சரியாகிறது என்றால் அது வேறு வியாதி, அதையும் சொல்லு.

பரவலான வலிதான் என்றால், படுத்தே கிடக்கவேண்டாம், அடியை மட்டும் நிறுத்து. முதல் ஒன்றிரண்டு வாரம் ஓட்டம் கிடையாது, காலை அறைவது கிடையாது. கைவீச்சு, திரும்புதல், வரிசை சேர்வது எல்லாம் காலை மெதுவாக வைத்துப் பழகிக்கொள்ளலாம், சைக்கிள் ஓட்டலாம். அரைமணி நேரம் வேகமாக நடந்து வலியில்லை என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மண் தரையில், ஒரு நிமிடம் ஓட்டம் இரண்டு நிமிடம் நடை என்று ஆறு தடவை. பத்துக்கு இரண்டு அளவுக்கு வலி இருந்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது வலிக்கக்கூடாது, வலித்தால் முந்தின அளவுக்கே திரும்பு. ஓடும்போது அடியைக் குட்டையாக வை, அடி எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலும் ஒவ்வொரு அடியிலும் ஏறும் சுமை குறையும். அறைவதைக் கடைசியில் சேர்த்துக்கொள், அதுவும் முதலில் பி.டி. ஷூவில். பூட்ஸ் அதற்கப்புறம். மொத்தத்தில் நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

கூடவே, படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கு, முழங்காலை நேராக வைத்து 15, லேசாக மடக்கி வைத்து 15, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மடக்கிச் செய்வதுதான் சோலியஸுக்கு. ஐஸ் வைத்தால் வலி அடங்கும், எலும்பு ஆறாது. மாத்திரையும் ஸ்பிரேயும் போட்டுவிட்டு டிரிலுக்குப் போவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடு.

ஒரு விஷயம் நேராகவே கேட்கிறேன். போன மாதம் தலைக்குக் குளித்தாயா? மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ராத்திரி பிஸ்கட்டோடு படுத்துக்கொள்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் முதலில் நிற்பது மாதவிலக்கு, அது நின்றால் எலும்பு தேய ஆரம்பிக்கும், கீறலும் சீக்கிரம் விழும். தள்ளிப்போயிருந்தால் மறைக்காமல் சொல். முட்டை, பால், தயிர், சுண்டல் எது கிடைத்தாலும் விடாதே. வைட்டமின் டி அளவு பார்க்க நீ ஊருக்கு வரும்போது ரத்தம் கொடுத்துவிடலாம்.

டிரில் சொல்லிக்கொடுக்கும் பி.ஐ. ஸ்டாஃபிடம் சொல்லப் பயமாக இருந்தால் நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், என்.சி.சி. பொறுப்பில் இருக்கும் ஏ.என்.ஓ. மேடத்திடம் கொடு. இரண்டு வாரம் அறையாமல் இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பார்க்கிறாய், தெரிகிறது. கீறல் விழுந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் போய்விடும், அதற்குள் தேர்வு முகாமே முடிந்துவிடும்.

பேனாக் கோட்டோடு இரண்டு காலையும் போட்டோ எடுத்து அனுப்பு. வலி மாத்திரை போட்டிருந்தால் அதன் வேகம் இறங்கின பிறகு அழுத்திப் பார், இல்லையென்றால் சரியாகத் தெரியாது.

அம்மா