மைல் ஓட்டத் தேர்வு: ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்?

வணக்கம். அடுத்த வாரம் நம் பிள்ளைகளுக்கு மைல் ஓட்டத் தேர்வு. அதற்காக இன்று உடற்கல்வி சார் மைதானத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கை, வராதவர்களுக்காக இங்கே போடுகிறேன்.

ஒரு மைல் என்பது சுமார் 1609 மீட்டர். 400 மீட்டர் டிராக்கில் நான்கு சுற்று ஓடினாலும் இன்னும் 9 மீட்டர் மிச்சம் இருக்கும். அதனால் புறப்படும் கோடு முடியும் கோட்டுக்கு 9 மீட்டர் பின்னால் இருக்கும்.

10 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்தை நான்கால் வகுத்தால் 2.5. இதைப் பல பிள்ளைகள் 2 நிமிடம் 50 விநாடி என்று படித்துவிட்டார்கள்! அது 2 நிமிடம் 30 விநாடி. அந்த வேகத்திலும் கடைசி 9 மீட்டருக்கு மூன்று விநாடிக்கு மேல் ஆகும், பத்து நிமிடம் தாண்டிவிடும். எனவே சுற்றுக்கு 2:29 என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படி ஓடினால் ஏறக்குறைய 9:59-இல் முடியும், இதில் கொஞ்சமும் தாமதிக்க இடமே இல்லை. 2:27 என்றால் இன்னும் நல்லது.

முதல் 200 மீட்டரில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 75 விநாடியை ஒட்டி இருந்தால் சரி. 60 காட்டினால் அது 8 நிமிட மைலுக்கான வேகம். மூன்றாவது சுற்றில் நடக்க வேண்டியிருக்கும். உடனே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

அப்புறம், உள் பாதையிலேயே ஓடச் சொல்லுங்கள். இரண்டாவது பாதையில் ஒவ்வொரு சுற்றும் ஏழு மீட்டருக்கு மேல் கூடுகிறது.