சம்பளமில்லாப் பயிற்சிக்கு மலையேறி வரும் பிள்ளைகளுக்கு, கோத்தகிரியிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பாக்டரி ஆபீஸில் 14 வருஷமாக இருக்கிறேன். மே பிறந்தால் ஊட்டி, கோவைக் கல்லூரிகளிலிருந்து உங்களில் நாலைந்து பேர் இன்டர்ன்ஷிப் என்று வந்துவிடுவீர்கள். சம்பளம் கிடையாது. மத்தியானச் சாப்பாடும், நாளுக்கு எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் டீயும் உண்டு. முடிந்து போகும்போது உங்கள் கையில் தரும் சர்டிபிகேட்டை டைப் அடிப்பது நான்தான்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பல வருஷமாக என்னிடம் ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது. பெயரையும் தேதியையும் மாற்றி பிரிண்ட் எடுப்பேன். 'இவர் எங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெற்றார், நடத்தை நன்று' என்று இருக்கும். யாரும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிப் போனார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனிக்காரர் உங்களைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? வந்தீர்கள், சண்டை போடவில்லை. அவ்வளவுதான்.

இதை எனக்குப் புரியவைத்தது சில வருஷத்துக்கு முன் வந்த ஒரு பெண். பி.காம் இரண்டாம் வருஷம். அந்த மே மாதம் கொழுந்து குவிந்துகொண்டிருந்தது, அவளுக்கு வேலை சொல்லக்கூட எங்களுக்கு நேரமில்லை. இலை இறக்கும் இடத்தில் போய் நில்லும்மா என்று அனுப்பிவிட்டேன். அங்கே சூப்பர்வைசர் சாக்கைப் பிரித்து, கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்து, நோட்டில் 'நல்லது', 'சுமார்', 'மோசம்' என்று எழுதுவார். இவள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தாள். மூன்றாம் நாள் ஆபீஸ் தராசைக் கேட்டாள். ஒவ்வொரு மாதிரியிலும் 200 கிராம் எடுத்து, தட்டில் கொட்டி, ரெண்டு இலையும் ஒரு கொழுந்துமாக இருப்பதை ஒரு பக்கம், முற்றல் இலையை ஒரு பக்கம் ஒதுக்கி, நல்லதை மட்டும் நிறுத்து சதவீதம் போட்டாள். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனது.

ஐந்து வாரத்தில் லீவு போக 28 நாள். நாளுக்கு 6 மாதிரி. மொத்தம் 168. இலை வாங்கிவர வண்டி போகும் வழியை நாங்கள் லைன் என்போம். எக்செலில் ஏற்றிப் பார்த்தபோது ஒரு லைனிலிருந்து வரும் இலையில் நல்ல கொழுந்து சராசரி 61 சதவீதம், இன்னொரு லைனில் 48. குறைவாக வந்த லைனில் ஆள் பற்றாக்குறையால் ஒரு பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் நாள் தள்ளிப்போய், இலை செடியிலேயே முற்றிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசருக்கு இது முன்பே தெரியும், ஆனால் தாளில் காட்ட எதுவும் இருக்கவில்லை.

கடைசி வாரம் ரெஸ்யூமை என்னிடம் காட்டினாள். இலைத் தரத்தை 13 சதவீதம் உயர்த்தியதாக எழுதியிருந்தாள். இணையத்தில் எங்கோ, எண் போட்டு எழுது, சாதனையாக எழுது என்று படித்திருக்கிறாள். நான் கேட்டேன்: "நீ எங்கேம்மா உயர்த்தினே? 61க்கும் 48க்கும் நடுவிலே இருக்கிற வித்தியாசம்தானே அந்த 13?" முகம் சிவந்துவிட்டது. நாளைக்கு ஒரு கம்பெனியிலிருந்து எனக்கு போன் வந்து, இந்தப் பெண் தரத்தை உயர்த்தினாளா என்று கேட்டால் இல்லை என்றுதான் நான் சொல்ல முடியும். அதோடு அவள் நிஜமாகச் செய்த நல்ல வேலையும் பொய்யாகிவிடும்.

இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். 'பச்சை இலைத் தரப் பதிவு: 28 நாளில் 168 மாதிரிகளை எடை முறையில் பிரித்துப் பதிந்தேன், இரு கொள்முதல் லைன்களுக்கு இடையே 13 சதவீதப் புள்ளி வித்தியாசத்தை எக்செலில் காட்டினேன், இதற்காகத் தயாரித்த ஒரு பக்கப் படிவம் இப்போதும் ஆலையில் பயன்பாட்டில் உள்ளது.' ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான்: என்ன செய்தாய், எத்தனை, எதை வைத்து, அதிலிருந்து என்ன தெரிந்தது, எது மிச்சமிருக்கிறது. பதவி என்ற இடத்தில் 'பயிற்சி மாணவி' என்றே போட்டாள். சம்பளமில்லை என்று ரெஸ்யூமில் எழுத வேண்டியதில்லை. நேர்காணலில் கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

அந்த வரியையே சர்டிபிகேட்டிலும் போட்டுக்கொடுத்தேன். பின்னால் என்னைக் கேட்டவர்களிடம் வாயால் சொன்னதும் அதுதான். ரெஸ்யூம், சர்டிபிகேட், நான் போனில் சொல்வது, மூன்றும் ஒரே வாக்கியமாக இருந்தால் கேட்கிறவருக்குச் சந்தேகம் வராது. அந்த வாக்கியம் கடைசி நாளில் யோசித்து வருவதில்லை. தினம் சாயங்காலம் நோட்டில் இரண்டு வரி எழுதியிருந்தால்தான் 168 என்ற எண்ணே கிடைக்கும். விவசாயிகளின் பெயர், அவர்களுக்குத் தந்த விலை, எங்கள் கணக்கு எதையும் ரெஸ்யூமில் போடாதீர்கள். சதவீதத்தைப் போடலாமா என்றுகூட ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கேட்கும் விதம். பெரும்பாலானவர்கள் கடைசி நாள் மாலை நாலு மணிக்கு, ஊர் பஸ்ஸுக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "சார், சர்டிபிகேட்" என்பார்கள். கையெழுத்துப் போட வேண்டிய மேனேஜர் அன்றைக்கு வேலையாகக் குன்னூர் போயிருப்பார். அப்புறம் அது பழைய ஒற்றை வரித் தாளாகக் கூரியரில் வந்து சேரும், சில நேரம் வந்தும் சேராது. சர்டிபிகேட் தருவீர்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். முடிய இரண்டு வாரம் இருக்கும்போது மெயில் அனுப்புங்கள். அந்தப் பெண் அனுப்பியது இப்படி:

'வணக்கம் சார். என் பயிற்சி ஜூன் 7ஆம் தேதி முடிகிறது. சர்டிபிகேட்டுக்கு ஒரு வரைவு இணைத்திருக்கிறேன். தவறு இருந்தால் திருத்திவிடுங்கள். ஜூன் 5க்குள் கையெழுத்தாகிக் கிடைத்தால் கல்லூரியில் கொடுக்க வசதியாக இருக்கும்.'

வரைவை நீங்களே எழுதித் தருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு அது பாதி வேலை மிச்சம். மார்க் ஷீட்டில் உள்ளபடி முழுப்பெயர், பதிவு எண், தொடங்கிய நாள், முடிந்த நாள், எந்தப் பிரிவு, செய்த வேலை இரண்டு வாக்கியம். லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் சீலும் மட்டுமில்லாமல் கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் அச்சில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கிறுக்கலை மட்டும் பார்த்து யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. வாங்கியதும் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

ரெஃபரன்ஸ் வேறு சமாச்சாரம். சர்டிபிகேட்டில் மேனேஜர் கையெழுத்து இருக்கட்டும், ரெஃபரன்ஸுக்கு உங்கள் வேலையைத் தினம் பார்த்தவரைக் கேளுங்கள். மேனேஜர் உங்களை இரண்டு தடவை பார்த்திருப்பார், போன் வந்தால் "யாரு?" என்பார். கேட்கும்போது, "என் வேலையைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல முடியுமா சார், இல்லையென்றாலும் பரவாயில்லை" என்று கேளுங்கள். தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். அரைமனதோடு பேசும் ரெஃபரன்ஸ் இல்லாத ரெஃபரன்ஸைவிட மோசம். எந்த நம்பர், எந்த மெயில் கொடுக்கலாம் என்றும் அவரிடமே கேளுங்கள். எங்கள் ஆபீஸ் லேண்ட்லைனை ராத்திரி வாட்ச்மேன்தான் எடுப்பார், மழை வந்தால் அவருக்கும் கேட்காது. எங்காவது விண்ணப்பிக்கும் அன்றே, இந்தக் கம்பெனியிலிருந்து கூப்பிடலாம் என்று ஒரு மெசேஜ் போட்டு, அந்த ரெஸ்யூமையும் அனுப்பிவிடுங்கள்.

சம்பளமில்லாதவர்களுக்குச் சர்டிபிகேட் தருவதில்லை என்று சில இடங்களில் கைவிரிப்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் வாசலில் நின்று வாதாட வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வந்தேன் என்று ஒரு மெயில் போட்டு, 'சரி' என்று ஒரு பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி லாக் புக்கில் வாராவாரம் வாங்கிய கையெழுத்தும் அப்போது கைகொடுக்கும்.

எங்கள் பாக்டரிக்கு இந்த மே வருகிறவர்கள் முதல் நாளே என்னிடம் வாருங்கள். அந்தப் பழைய ஃபைலை அழித்துவிட்டேன். தராசு இலை இறக்கும் இடத்திலேயே இருக்கிறது, படிவம் சுவரில் ஆணியில் தொங்கும்.

இப்படிக்கு,
சர்டிபிகேட் அடிக்கும் ஆபீஸ்காரர்