மேலே கரி, உள்ளே மாவு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

கேக்கின் படத்தைப் பார்த்தேன். கடையில் வாங்கிய மாவு சரியில்லை என்று நீ எழுதியிருந்தாய். மாவின் மேல் தப்பில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்: மேலே இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன, ஓரமோ வெளுத்துக் கிடக்கிறது. அந்தக் கோடுகள் உன் கன்வெக்ஷன் மைக்ரோவேவ் அடுப்பின் உள்கூரையில் இருக்கும் கிரில் கம்பியின் நிழல். நீ அழுத்தியது கன்வெக்ஷன் இல்லை, கிரில்.

பட்டனில் உள்ள படங்கள் ஆளைக் குழப்பும். பெரும்பாலான அடுப்புகளில் மேலே வளைந்து வளைந்து போகும் கோடு கிரில். வட்டத்துக்குள் விசிறி இருந்தால் கன்வெக்ஷன். கிரில்லில் மேலே உள்ள கம்பி மட்டும்தான் சிவக்கும். நெருப்புக்கு எதிரே கையை நீட்டினால் அந்தப் பக்கம் மட்டும் சுடுமே, அதே கதைதான். மேல்தோல் கருகும்வரை உள்ளே சூடு போய்ச் சேராது. கன்வெக்ஷனில் சூடான காற்றை விசிறி சுற்றிச் சுற்றி அடிக்கும். டின்னின் பக்கமும் அடியும் சேர்ந்து சூடாவதால்தான் கேக் ஒரே சீராக எழும்பும்.

இந்த ஞாயிறு மறுபடி செய்து பார். டின்னை வைக்காமல், கன்வெக்ஷனில் 160 டிகிரி வைத்து ப்ரீஹீட் செய். உன் ரெசிபியில் 180 என்று இருக்கும். அது விசிறி இல்லாத அடுப்புக்கான கணக்கு, நீ 20 டிகிரி குறைத்துக்கொள். பீப் சத்தம் வந்த பிறகு குட்டை ஸ்டாண்டை வைத்து, அதன்மேல் டின்னை வை. கண்ணாடித் தட்டில் நேராக வைத்தால் அடியில் காற்று போகாது, அடி வெளுத்து ஈரமாக நின்றுவிடும். தட்டு சுற்றும்போது டின் சுவரில் இடிக்கக் கூடாது, சுற்றிலும் ஒரு அங்குல இடைவெளி இருக்கட்டும். மாவு டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம்.

ஏழு அங்குல டின்னுக்கு 35லிருந்து 45 நிமிடம் பிடிக்கும். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்காதே. உன் பொறுமை எனக்குத் தெரியும், ஆனாலும் திறக்காதே; சின்ன அடுப்பு என்பதால் ஒரு தடவை திறந்தாலே சூடு சட்டென்று இறங்கிவிடும், பாதி எழும்பிய கேக் நடுவில் குழிந்துவிடும். 35வது நிமிடம் பல்குச்சியை நடுவில் குத்திப் பார். ஈரமாவு ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். உள்ளே வேகுமுன் மேலே சிவந்துவிட்டால் அலுமினிய ஃபாயிலால் தளர்வாக மூடு. கேக் நடுவில் மலைபோல் உயர்ந்து வெடித்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்: மேல்தோல் முன்னாடியே இறுகிவிட்டது, உள்மாவு அதைப் பிளந்துகொண்டு வருகிறது. அடுத்த முறை 10 டிகிரி குறை.

ஒன்றை மறக்காதே. உலோக டின்னும் ஃபாயிலும் கன்வெக்ஷனில் மட்டும்தான். மைக்ரோவேவ் கலந்த காம்பி மோடில் அவை பொறி பறக்கவிடும்.

கிரில் வேண்டாத பொருள் இல்லை, கடைசியில் வர வேண்டிய ஆள். உருளைக்கிழங்கு ரோஸ்ட் செய்யும்போது பார். ஒரு அங்குலத் துண்டுகளை மைக்ரோவேவில் ஐந்து நிமிடம் வைத்தால் உள்ளே பாதி வெந்துவிடும். ஈரத்தைத் துணியால் ஒற்றி, எண்ணெய் பிசிறி, ஒரு தடவை கிளறிவிட்டு 200 டிகிரி கன்வெக்ஷனில் 20 நிமிடம். பிறகு உயர ஸ்டாண்டுக்கு மாற்றி நாலு நிமிடம் கிரில். அந்த நாலு நிமிடமும் பக்கத்திலேயே நில். கோழி என்றாலும் இதே வரிசைதான், மைக்ரோவேவை மட்டும் விட்டுவிடு. தொடையின் கனமான இடத்தில், எலும்பில் படாமல், தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

மீந்ததைச் சூடாக்க மைக்ரோவேவே போதும், ஆனால் முழு பவர் வேண்டாம். அலைகள் ஓரிரு சென்டிமீட்டர்தான் ஆழமாக இறங்கும். நடுப்பகுதிக்குச் சூடு மெல்ல நகர்ந்துதான் போக வேண்டும். பாதி பவரில் அதற்கு நேரம் கிடைக்கும். உணவை வளையமாகப் பரப்பி நடுவில் பள்ளம் விட்டு, மூடி போட்டு, இடையில் ஒருமுறை கிளறு. மொறுமொறுப்பான எதையும் இப்படிச் சூடாக்காதே, நமுத்துப்போகும். அதற்கு 180 டிகிரி கன்வெக்ஷனில் ஐந்தாறு நிமிடம்.

கேக் எடுத்த கையோடு பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே வைத்து மைக்ரோவேவ் போட்டுவிடாதே. தட்டு இன்னும் கொதிக்கும். போன மாதம் என் நல்ல டப்பா ஒன்று அப்படித்தான் அடியில் உருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது; கத்தியால் சுரண்டி எடுத்தேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா