வயலின் வீட்டுக்குப் போகும் முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளியின் இசைப் பொறுப்பு உன் தலையில் விழுந்துவிட்டது, வாத்திய அலமாரிச் சாவியும் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். வாழ்த்துச் சொல்வதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் கண்ணாடிப் பவர் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளி வயலினைப் பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது பெற்றோருக்கு அனுப்ப நீ எழுதிய கடிதத்தைப் படித்தேன். முதல் வரியிலேயே, கொட்டை எழுத்தில், ‘வாத்தியம் சேதமானால் முழுத் தொகையும் பெற்றோரே கட்ட வேண்டும்’ என்று போட்டிருக்கிறாய். தயவுசெய்து அதை அங்கிருந்து எடு. அந்த வரியைப் படித்த பெற்றோர் வயலினைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் என்றா நினைக்கிறாய்? சேதமானால் சொல்ல மாட்டார்கள். பையனைத் திட்டிவிட்டு, கடையில் உடனே ஒட்டும் பசை ஒன்றை வாங்கி, இரவோடு இரவாக ஒட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். அங்கேதான் சின்னச் செலவு பெரிய செலவாகிறது.

வயலினின் மேல்பலகையும் பக்கப்பலகையும் சேரும் ஓரத்தில் பூசுவது வச்சிரப் பசை. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது. அது வேண்டுமென்றே கொஞ்சம் பலவீனமாக இருக்கும். காற்று வறண்டு மரம் சுருங்கும்போது பலகை பிளக்காமல் ஓரம் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காக. ஓரத்தைச் சுற்றி விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார். நன்றாக ஒட்டியிருந்தால் ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். விட்டிருந்தால் ‘சர்ர்’ என்று அதிரும். பழுது பார்ப்பவருக்கு அது சின்ன வேலை. ஆனால் அந்த இடத்தில் கடைப்பசை இறங்கிவிட்டால், அதைச் சுரண்டி எடுக்காமல் வச்சிரம் பிடிக்காது. சுரண்டும்போது மரமும் கொஞ்சம் கூடவே வரும். அடுத்த முறை வறட்சி வந்தால் ஓரம் விடாது, பலகைதான் பிளக்கும்.

அதனால் எங்கள் பள்ளிப் பெற்றோருக்கு நான் அனுப்பும் கடிதத்தில் முதல் பத்தி இப்படி இருக்கிறது: ‘வாத்தியத்தில் எது நடந்தாலும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அன்றே அல்லது மறுநாள் எங்களிடம் சொல்லுங்கள். வீட்டில் ஒட்ட வேண்டாம். உடனே சொன்னதற்காக யாரிடமும் கூடுதலாக எதுவும் கேட்க மாட்டோம்.’ பணப் பேச்சு இரண்டாம் பக்கத்தில்தான்.

தந்திகளைத் தூக்கிப் பிடிக்கும் மரத்துண்டான பிரிட்ஜ் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். அதை யாரும் ஒட்டுவதில்லை, தந்திகளின் இழுப்பில்தான் நிற்கிறது என்பது பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. சுருதி சேர்க்கச் சேர்க்க அது விரல்பலகைப் பக்கம் சாய்ந்துகொண்டே வரும். ஒருநாள் படாரென்று விழும். விழுந்தால் குழந்தை எதையோ உடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அப்புறம் வயலினை லேசாக அசைத்தால் உள்ளே ஏதாவது உருளுகிறதா என்று பார்க்கச் சொல். உருண்டால் சவுண்ட் போஸ்ட் சாய்ந்துவிட்டது. பிரிட்ஜின் ஒரு காலுக்குக் கிட்டத்தட்டக் கீழே, மேல்பலகைக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் சின்னக் குச்சி அது. அது இல்லாமல் தந்தியை இறுக்கினால் மேல்பலகை அமுங்கி வெடிக்கலாம். ‘தந்திகளைத் தளர்த்திப் பெட்டியில் வைத்து அப்படியே கொண்டு வாருங்கள்’ என்று எழுதினால் போதும், காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். தந்தி அறுவது, வில்லின் மயிர் தேய்வது, தந்தியை முறுக்கும் பிரடை வழுக்குவது, ஓரம் விடுவது எல்லாம் புழக்கத் தேய்மானம், பள்ளிக் கணக்கு. கைதவறி நடந்த விபத்துக்குப் பாதி பள்ளி, பாதி குடும்பம். வெயிலில் நின்ற காருக்குள் விட்டது, தொலைத்தது, சொல்லாமல் ஒட்டியது ஆகியவற்றுக்குக் குடும்பமே பொறுப்பு. எந்தச் சேதம் எந்த வகை என்பதை நீ தீர்ப்புச் சொல்லாதே. பழுது பார்ப்பவர் எழுதிக் கொடுக்கும் குறிப்பை வைத்துப் பேசு. நீ சொன்னால் உன்மேல் வருத்தம் வரும், அடுத்த வாரம் அதே குழந்தைக்கு நீதான் பாடம் எடுக்க வேண்டும்.

போன பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முக்கால் அளவு வயலின் ஒன்று திரும்பி வந்தது. மேல்பலகையில் ‘எஃப்’ துளையின் கீழ்முனையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். ‘கொடுக்கும்போதே இருந்தது’ என்றார் அப்பா. சண்டையில்லாமல் சொன்னார், உண்மையாகவே அப்படி நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஒப்படைத்த நாளில் இருவரும் கையெழுத்துப் போட்ட தாளையும் படங்களையும் எடுத்து வைத்தேன். கீழோரத்தில் ஒரு கீறல் மட்டுமே குறித்திருந்தது. விரிசலுக்குள் மரம் வெளிர் நிறமாக, அழுக்கே படியாமல் இருந்தது. பழைய விரிசல் என்றால் வில்லில் தேய்க்கும் ரோசின் தூளும் தூசியும் ஏறிக் கறுத்திருக்கும். வார்னிஷில் இரண்டு பள்ளங்கள். தோள்தாங்கியை எடுத்து வைத்துப் பார்த்தால் அதன் கால்கள் அச்சாகப் பொருந்தின. வயலினுக்கு மேலேயே அதைப் போட்டுப் பெட்டியை அழுத்தி மூடியிருக்கிறார்கள். அப்பா ஒரு நிமிடம் பார்த்தார், அப்புறம் தலையாட்டினார்.

கணக்கு இப்படிப் போனது. வாங்கிய விலையை 100 என்று வை. எங்கள் விதிப்படி ஆண்டுக்குப் 10 கழியும், 30-க்குக் கீழே இறங்காது. அது 4 ஆண்டுப் பழையது, ஆக அன்றைய மதிப்பு 60. மேல்பலகையைக் கழற்றி, விரிசலை ஒட்டி, உள்பக்கம் சின்ன மரத்துண்டுகளால் தாங்கல் வைக்க 48 ஆனது. விபத்து என்பதால் பாதி, 24. இரண்டு தவணையில் கட்டினார். செலவு 75 ஆகியிருந்தால் பழுதே பார்க்காமல் கழித்துவிட்டு, 60-இல் பாதியாக 30 மட்டும் கேட்டிருப்போம். அன்றைய மதிப்புக்கு மேல் எந்தக் குடும்பமும் கட்டாது என்ற உச்சவரம்பைக் கடிதத்தில் தெளிவாக எழுதிவிடு. வாத்தியமே வேண்டாம் என்று தயங்கும் வீடுகள் அந்த வரியைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகின்றன.

ஒப்படைப்புத் தாளில் மேல்பலகை, கீழ்ப்பலகை, கழுத்து, பிரிட்ஜ் பக்கவாட்டில், வில்லின் நுனி என்று ஐந்து படங்கள் ஒட்டு. வில்லின் நுனியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கீழே விழுந்தால் முதலில் போவது அதுதான். தோள்தாங்கியைப் பெட்டிக்குள் எங்கே வைக்க வேண்டும் என்று குழந்தைக்கே ஒருமுறை காட்டிக் கொடுத்துவிடு, பெற்றோரும் பக்கத்தில் இருக்கும்போது.

பள்ளியின் காப்பீடு, வாத்தியம் மாணவர் வீட்டில் இருக்கும்போதும் செல்லுமா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கு. வளாகத்துக்குள் மட்டும் என்றால் அதையும் பெற்றோரிடம் சொல்லத்தான் வேண்டும். திருத்திய கடிதத்தை அனுப்பு, இரண்டாம் பக்கத்தை மட்டும் நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய சுருதிப்பெட்டித் தோழன்