யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் 20 ஏன் R, 18 ஏன் S?

எங்கள் லேபுக்கு வரும் வடசென்னை வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்கியதும் கவுன்ட்டரில் நின்றபடியே பலர் கேட்பது இதுதான்: "சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 20 போட்டிருக்கு, நைட்ரோஃபுரான்டாயினுக்கு 18தான். அப்போ 20 இருக்கிற மாத்திரைதானே நல்லா கேட்கும்?" கேட்காது. அவசரத்தில் அந்த மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிவிடக் கூடாது என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ரிப்போர்ட்டின் மேல் வரி. "ஈ.கோலை, 10^5 CFU/ml-க்கு மேல்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈ.கோலை நம் குடலில் வாழும் கிருமி. அது சிறுநீர்ப் பாதைக்குள் ஏறும்போதுதான் தொல்லை. CFU/ml என்றால் ஒரு மில்லி சிறுநீரில் இருக்கும் உயிருள்ள கிருமிகளின் எண்ணிக்கை. அது வரும் விதம் எளிது. 0.001 மில்லி மட்டும் பிடிக்கும் ஒரு சின்னக் கம்பி வளையத்தால் சிறுநீரைத் தொட்டு, கிருமி வளரும் தட்டில் தேய்த்து, 37 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைப்போம். மறுநாள் தட்டில் புள்ளிப் புள்ளியாகக் கிருமிக் கூட்டம் தெரியும். ஒரு புள்ளி என்றால் ஒரு மில்லியில் 1,000 கிருமி என்று கணக்கு. 100 புள்ளிகளைத் தாண்டினால் ஒரு லட்சத்துக்கு மேல், அதாவது 10^5-க்கு மேல்.

அந்த ஒரு லட்சம் ஒரு வழிகாட்டி எல்லைதான். எரிச்சலும் அடிக்கடி போகும் உணர்வும் உள்ள பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக வந்தாலும் அது தொற்றாக இருக்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வந்தாலும், பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் இதில் முக்கியமான விதிவிலக்கு.

அப்புறம், எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் அட்டவணை. கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, மேலே மருந்தில் நனைத்த குட்டிக் காகித வட்டங்களை வைப்போம். மருந்து சுற்றிலும் கசிந்து பரவும். அது கிருமியைத் தடுத்தால் காகிதத்தைச் சுற்றி ஒரு தெளிவான வளையம் விழும். அதன் குறுக்களவை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்துதான் எழுதுகிறோம். காகிதமே 6 மில்லிமீட்டர். ஆகவே ரிப்போர்ட்டில் 6 என்று இருந்தால் மருந்து கொஞ்சம் வேலை செய்தது என்று அர்த்தமில்லை, வளையமே விழவில்லை.

ஒவ்வொரு மருந்தும் தட்டில் ஒவ்வொரு விதமாகப் பரவும், காகிதத்தில் இருக்கும் அளவும் வேறு. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ் மார்க். ஈ.கோலைக்கு நைட்ரோஃபுரான்டாயின் 17 எடுத்தாலே S, அதாவது கேட்கும். சிப்ரோஃப்ளாக்சசின் 26 எடுத்தால்தான் S, 21-ம் அதற்குக் கீழும் R, கேட்காது. அதனால்தான் 18 எடுத்தது பாஸ், 20 எடுத்தது ஃபெயில். நடுவில் I என்று வந்தால், டோஸைக் கூட்டினால் கேட்கலாம் என்ற நிலை. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மில்லிமீட்டரை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பாருங்கள்.

எழுத்து S என்பதும் கடைசி வார்த்தை இல்லை. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பையில்தான் போதுமான அளவு சேரும், சிறுநீரகத் திசுவிலும் ரத்தத்திலும் சேராது. ஆகவே தொற்று சிறுநீரகம் வரை ஏறி, குளிர்காய்ச்சலும் விலாப்பக்கம் வலியும் உள்ளவருக்கு, ரிப்போர்ட்டில் S இருந்தாலும் டாக்டர் அதை எழுத மாட்டார். இன்னொன்று, மெரோபெனம் ஊசிக்கும் S என்று இருக்கும். "அந்தப் பெரிய ஊசியே போடச் சொல்லுங்க" என்று சிலர் கேட்கிறார்கள். வெறும் எரிச்சலுக்கு மாத்திரை போதும். அந்த ஊசி வேறு எதுவும் கேட்காத கிருமிக்கென்று பத்திரமாக வைத்திருக்க வேண்டியது.

"பல வகைக் கிருமிகள் வளர்ந்துள்ளன" என்று வந்தால் சாம்பிளில் தோலிலிருந்து கிருமி கலந்திருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். திரும்ப எடுக்கச் சொல்வோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடியுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே கொடுங்கள். ஒரு மாத்திரை போட்டுவிட்டாலும் கிருமி வளராமல் போகலாம்.

எண்ணூர், மணலி பக்கமிருந்து வெயிலில் பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு: 2 மணி நேரத்துக்குள் சாம்பிள் எங்களிடம் வந்துவிட வேண்டும். தாமதமாகும் என்றால் டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் பையோடு கொண்டுவாருங்கள். வழியில் சூட்டில் கிருமி பெருகினால் நாங்கள் எண்ணுவது உங்கள் உடம்பில் இருந்த எண்ணிக்கையாக இருக்காது. கல்ச்சருக்கு ஒரு நாள், மருந்து அட்டவணைக்கு இன்னொரு நாள். ஆக ரிப்போர்ட் முழுதாக வர 2 நாளாவது ஆகும். சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட்டோடு வாருங்கள், உட்கார்ந்து வரி வரியாகச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் லேப் ஊழியர்கள்